நிறம் மட்டும் பேசும் தாள்கள்

என் தம்பிக்கு நிறக்குருடு இருக்கிறது என்று சொன்னதும் பலரும் கேட்கும் முதற்கேள்வி, "அப்ப அவருக்கு எல்லாம் கறுப்பு வெள்ளையாத்தான் தெரியுமா?" என்பதுதான். அப்படியில்லை. வானம் நீலம் என்பதும் வாழைப்பழம் மஞ்சள் என்பதும் அவனுக்கு நன்றாகவே தெரியும். அவனிடம் குறைவது தனித்தனி நிறங்கள் அல்ல. சில நிறங்களுக்கிடையிலுள்ள வித்தியாசம்தான். சிவப்பும் பச்சையும் கபிலமும் அவனுக்கு ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். செம்மஞ்சளும் இளம்பச்சையும் அவ்வாறே. நீலத்தையும் ஊதாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் நீலம் என்பான்.

அவனுக்குப் பதினான்கு வயதாகும் வரை இது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது. பிறந்ததிலிருந்து ஒரே மாதிரிப் பார்க்கும் ஒருவன், மற்றவர்கள் வேறு மாதிரிப் பார்க்கிறார்கள் என்று எப்படி அறிவான்? அணுக் கொள்கையை முன்வைத்தவர் என்று நாங்கள் இரசாயனவியலில் படிக்கும் ஜோன் டோல்டனுக்கும் இருபத்தைந்து வயது கடந்த பிறகே தம் பார்வை வேறானது என்பது விளங்கியது. பகலில் தமக்கு வானத்தின் நீலமாகத் தெரிந்த ஜெரேனியம் பூ, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரிவதைக் கண்டு அவர் வியந்தார். கூட இருந்தவர்களை விசாரித்தபோது, அவருடைய சகோதரரைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பூ அப்படி மாறவில்லை. அதைப் பற்றி 1794 இல் ஒரு கட்டுரை வாசித்தார். தம் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதே காரணம் என்று நம்பிய அவர், தாம் இறந்த பின்னர் கண்ணைத் திறந்து பார்க்கும்படி சொல்லிவைத்தார். 1844 இல் பார்த்தார்கள். திரவம் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைக்கப்பட்ட அந்தக் கண்ணின் டீ.என்.ஏ. 1995 இல் பரிசோதிக்கப்பட்ட பின்னரே உண்மைக் காரணம் வெளிவந்தது.

அந்தக் காரணம் விழித்திரையில் இருக்கிறது. நிறத்தை உணரும் கூம்புக் கலங்கள் மூன்று வகைப்படும். ஒரு வகை நெட்டலைகளுக்கும் இன்னொன்று இடையலைகளுக்கும் மூன்றாவது குற்றலைகளுக்கும் அதிகம் தூண்டப்படுகின்றன. ஒரு பொருளின் நிறத்தை மூளை அறிவது, இந்த மூன்றும் அனுப்பும் செய்திகளை ஒப்பிட்டுத்தான். நெட்டலை, இடையலை ஆகிய இரண்டில் ஒன்று இல்லாமற் போனாலோ, ஒன்றின் நிறப்பொருள் மற்றதைப் போல மாறிவிட்டாலோ, சிவப்புக்கும் பச்சைக்கும் இடையே ஒப்பிட எதுவும் மிஞ்சுவதில்லை. டோல்டனுக்கு இல்லாதிருந்தது இடையலைக்குரிய நிறப்பொருள். என் தம்பியின் நிலையும் ஏறக்குறைய அதுவே.

கண் வைத்தியர் அவனுக்குக் காட்டியது ஒரு சிறிய புத்தகம். ஜப்பானிய வைத்தியர் ஷினோபு இஷிஹாரா 1917 இல் வெளியிட்ட சோதனைப் படங்கள் அதில் இருந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் சிறிதும் பெரிதுமான புள்ளிகள் நிறைந்த ஒரு வட்டம். புள்ளிகளுக்குள் ஓர் இலக்கம். முதற் பக்கத்தில் உள்ள 12 எல்லோருக்கும் தெரியும். அதை அவனும் வாசித்தான். அடுத்த பக்கத்தில் எனக்கு 8 தெரிந்தது. அவன் கொஞ்சமும் தயங்காமல் "3" என்றான். உம்மா என் முகத்தைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் படங்களைப் பற்றியே யோசித்தேன். இலக்கத்துக்குரிய புள்ளிகளை எல்லாம் கடும் நிறத்திலும் மற்றவற்றை இளநிறத்திலும் அச்சிட்டிருந்தால், என் தம்பி இருள் வெளிச்சத்தை வைத்தே அந்த இலக்கத்தைக் கண்டுபிடித்திருப்பான். புள்ளிகளின் பருமன் வேறுபட்டிருந்தால் அதை வைத்துப் பிடித்திருப்பான். இலக்கத்தைச் சுற்றி ஒரு கோடு இருந்தாலே போதும். அதனால்தான் இஷிஹாரா கோட்டை நீக்கினார், பருமனைக் கலந்துவிட்டார், கடுமையையும் இளமையையும் கலந்துவிட்டார். உதவக்கூடிய மற்ற எல்லா அடையாளங்களையும் திட்டமிட்டு எடுத்துவிட்டு, நிறத்தை மட்டும் விட்டுவைத்தார். நிறக்குருடு உள்ளவர் தவற வேண்டும் என்பதற்காகவே கவனமாகச் செய்யப்பட்ட தாள் அது.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. வகுப்பறையிலும் அலுவலகத்திலும் நாங்கள் தயாரிக்கும் தாள்கள் பலவும் இஷிஹாராவின் தாளைப் போலவே இருக்கின்றன. அவர் வேண்டுமென்று செய்ததை நாங்கள் அறியாமலே செய்கிறோம்.

தம்பியின் விஞ்ஞானப் பரீட்சைத்தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்திலும் நிழலிலும் இருட்டிலும் வளர்த்த பயற்றஞ்செடிகளின் உயரத்தைக் காட்டும் வரைபு ஒன்று அதில் இருந்தது. மூன்று கோடுகள்: சிவப்பு, பச்சை, கபிலம். மூலையில் ஒரு சிறிய பெட்டிக்குள் எந்த நிறம் எந்தச் செடி என்ற குறிவிளக்கம். ஆறாம் நாளில் ஒவ்வொன்றின் உயரம் என்ன என்பது கேள்வி. தம்பி மூன்று உயரங்களையும் மில்லிமீற்றர் பிசகாமல் வாசித்திருந்தான். ஆனால் பெயர்களை மாற்றிவிட்டான். நிறத்தால் பிரிக்க முடியாததால் அவன் அறிவை வைத்து ஊகித்திருக்கிறான்: வெளிச்சத்தில் உள்ள செடிதானே நன்றாக வளரும், ஆகவே உயரமான கோடு வெளிச்சத்துக்குரியது என்று. உண்மையில் இருட்டில் முளைக்கும் நாற்றுத்தான் ஒளியைத் தேடி மெலிந்து நீண்டு முதலில் உயரமாகிறது. அதைக் கற்பிப்பதற்காகவே அந்த வரைபு தரப்பட்டிருந்தது. தாளின் ஓரத்தில் "கவனம் போதாது" என்று எழுதியிருந்தது. அதுவும் சிவப்புப் பேனையால்.

பிள்ளை கவனயீனமா, நிறம் பிரியவில்லையா என்பதை இத்தகைய தாளே காட்டிக்கொடுக்கும். கவனயீனமான பிள்ளை எல்லா இடத்திலும் பிழை விடும். நிறக்குருடு உள்ள பிள்ளையின் பிழைகள் குறிவிளக்கப் பெட்டியோடு ஒப்பிட வேண்டிய இடங்களில் மட்டும் திரளும். அளவுகள் சரியாக இருக்கும். பெயர்கள் இடம் மாறியிருக்கும். வேறு தடயங்களும் உண்டு. சித்திரம் வரையும்போது மரத்தண்டுக்குப் பச்சை பூசுவது, பென்சில் உறையில் நிறத்தின் பெயர் எழுதியிருந்தால் மட்டும் சரியாக எடுப்பது, "கபில நிறத்தில் உள்ளதைப் பார்" என்றால் பக்கத்துப் பிள்ளையின் விரல் எங்கே போகிறது என்று கவனிப்பது. பெற்றோர் இவற்றைக் கண்டால் அதட்டாமல் கண் வைத்தியரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும்.

அதே வரைபை நான் ஒரு தாளில் மீண்டும் வரைந்தேன். முதலில் மூலைப் பெட்டியை நீக்கினேன். ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் "இருட்டு", "நிழல்", "வெளிச்சம்" என்று அதனதன் பெயரை எழுதினேன். பிறகு ஒரு கோட்டை முழுக்கோடாகவும் ஒன்றை முறிகோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் ஆக்கினேன். நிறங்களை அப்படியே விட்டேன். தம்பி பார்த்துவிட்டு, "ராத்தா, இது லேசான கேள்வியா இருக்கே" என்றான். கேள்வி மாறவில்லை. அவனுக்கும் கேள்விக்கும் நடுவில் நின்றதுதான் விலகியது.

இந்த இரண்டு மாற்றங்களில் முதலாவதே பெரியது. கோட்டின் வடிவத்தை மட்டும் மாற்றிக் குறிவிளக்கத்தை மூலையிலேயே விட்டால், கண் அங்கும் இங்கும் ஓடி ஒப்பிட வேண்டியிருக்கும். பெயரைக் கோட்டின் பக்கத்திலேயே எழுதிவிட்டால் ஒப்பிடும் வேலையே இல்லை. அது என் தம்பிக்கு மட்டுமல்ல, நிறம் நன்றாகத் தெரியும் எனக்கும் இலகுவாக இருந்தது.

இது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வீட்டில் எழுந்தபோது, விடை எங்கள் உயர்தர உயிரியல் கொப்பியில் இருந்தது. இந்த நிறப்பொருள்களுக்கான பரம்பரையலகுகள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதில் குறை இருந்தால் ஈடுசெய்ய வேறொன்று இல்லை. பெண்ணுக்கு இரண்டு, ஒன்று பழுதானாலும் மற்றது பெரும்பாலும் காப்பாற்றிவிடும். அதனால்தான் ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 8 பேருக்குள்ள இக்குறை, பெண்களில் இருநூறு பேரில் ஒருவருக்கு மட்டுமே காணப்படுகிறது. ஆசிய நாடுகளில் இந்த அளவு சற்றுக் குறைவு. மகனுக்கு எக்ஸ் நிறமூர்த்தம் கிடைப்பது தாயிடமிருந்து. உம்மா இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப என்னாலயா மகள், என்ட புள்ளைக்கு இப்பிடி?" என்றார். "உங்களாலயும் இல்ல உம்மா, உம்மும்மாவாலயும் இல்ல. நிறமூர்த்தம் பிரியிறது நம்மட கையிலயா இருக்கு?" என்றேன். உம்மா ஒரு காவி. ஆகவே நானும் காவியாக இருப்பதற்குச் சரிபாதி வாய்ப்பு இருக்கிறது. புனெற் சதுரத்தைப் பரீட்சைக்காகப் பலமுறை வரைந்திருக்கிறேன். அதன் ஒரு பெட்டிக்குள் என்னையும் வைத்துப் பார்த்தது அன்றுதான்.

உம்மாவின் தம்பி, என் மாமா, இந்தக் கதையின் முந்திய அத்தியாயம். வாலிப வயதில் கப்பலில் சேர விண்ணப்பித்து, கண் சோதனையில் திருப்பி அனுப்பப்பட்டவர். அந்த மறுப்பில் நியாயம் இருந்தது என்று அவரே சொல்வார். இரவில் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கும் வலப்பக்கம் பச்சை விளக்கும் எரியும். தூரத்தில் வரும் கப்பலின் எந்தப் பக்கம் எம்மை நோக்கி இருக்கிறது என்பதை அந்தச் சிறு வெளிச்சத்தின் நிறமே சொல்கிறது. இருட்டுக் கடலில் அதன் பக்கத்தில் பெயர் எழுதிவைக்க முடியாது. வீதிச் சமிக்ஞை விளக்கு அப்படியல்ல. மேலே சிவப்பு, நடுவே மஞ்சள், கீழே பச்சை என்று இடமும் சேர்ந்து பேசுவதால் மாமாவுக்கு அதில் சிரமமில்லை.

ஆனால் மாமாவுக்குக் கடலில் வராத சோதனை ஒரு மேசையில் வந்தது. இரும்புப் பொருட்களை மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனத்தில் அவர் இருப்புக் கணக்குப் பார்க்கிறார். ஏறத்தாழ நானூறு வரிகள் கொண்ட எக்செல் தாள் அது. இருப்பு போதுமானால் வரிக்குப் பச்சை, குறைந்துகொண்டு வந்தால் செம்மஞ்சள், உடனே வாங்க வேண்டுமானால் சிவப்பு என்று யாரோ அழகாக நிறமூட்டி வைத்திருந்தார்கள். வேறு எந்தக் குறிப்பும் இல்லை. மாமா தினமும் பின்னேரம் எல்லோரும் போன பிறகு இருந்து, ஒவ்வொரு வரியிலும் இரண்டு எண்களை ஒப்பிட்டுப் பார்த்தே வேலையை முடித்தார். வெளியே சொல்லவில்லை. "கலர் தெரியாதவனுக்குக் கணக்கு எப்பிடித் தெரியும் எண்டு நினைச்சிடுவாங்க மகள்" என்றார். அந்தப் பயம்தான் என்னை அதிகம் வருத்தியது. கப்பலில் நிறம் வேலையின் பகுதி. இந்தத் தாளில் நிறம் வெறும் உடுப்பு. வேலை எண்களில் இருக்கிறது.

தீர்வு ஒரு நிரல்தான். இரண்டாம் நிரலில் இருப்பும் மூன்றாம் நிரலில் இருக்க வேண்டிய குறைந்த அளவும் ஏற்கனவே இருந்தன. நான்காம் நிரலுக்கு "நிலை" என்று பெயரிட்டு இதை எழுதினோம்:

```
=IF(B2<C2,"வாங்கு",IF(B2<C2*1.2,"கவனி","போதும்"))
```

இருப்பு குறைந்த அளவுக்கும் கீழே போனால் "வாங்கு" என்று வரும். அதைத் தொட்டு, அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் "கவனி". மற்றதெல்லாம் "போதும்". உதாரணமாக, அரை அங்குலக் குழாய் குறைந்தது 50 இருக்க வேண்டும்; இருப்பு 40 என்றால் "வாங்கு", 55 என்றால் "கவனி", 90 என்றால் "போதும்". நிறங்களை நாங்கள் அழிக்கவில்லை; நிறத்தை விரும்புகிறவர்கள் அதையே பார்க்கலாம். மாமா "வாங்கு" என்ற சொல்லை மட்டும் வடிகட்டினால் அன்றைய பட்டியல் திரையில் வந்துவிடும். இதன் பயன் அவரோடு நிற்கவில்லை. களஞ்சியத்துக்கு அனுப்பும் பிரதி கறுப்பு வெள்ளையில்தான் அச்சாகும்; அதில் இதுவரை எல்லா வரிகளும் ஒரே சாம்பலாகத் தெரிந்ததால் அங்கே வேலை செய்கிறவர்களும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். இப்போது அவர்களும் வாசிக்கிறார்கள்.

அந்தச் சாம்பல் பிரதியே ஒரு நல்ல சோதனை. நீங்கள் தயாரித்த தாளைக் கறுப்பு வெள்ளையில் போட்டோ கொப்பி எடுத்துப் பாருங்கள். அதிலும் செய்தி முழுவதும் விளங்கினால், நிறத்தை மட்டும் நம்பாத தாள் அது. விளங்காவிட்டால், எந்த இடத்தில் தடுமாறுகிறீர்களோ அந்த இடத்தில் ஒரு சொல்லையோ குறியையோ வடிவத்தையோ சேர்க்க வேண்டும். இணையத்தளங்களை எல்லோரும் பயன்படுத்தத்தக்கதாக அமைப்பதற்கான உலகளாவிய வழிகாட்டலிலும் இதே விதி 1.4.1 என்ற இலக்கத்தில் இருக்கிறது: ஒரு தகவலைச் சொல்ல நிறம் மட்டுமே வழியாக இருக்கக்கூடாது.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லையும் உண்டு. நெட்டலைக் கூம்புக் கலம் இல்லாதவர்களுக்குச் சிவப்பு நிறம் எங்களுக்குத் தெரிவதைவிட மிகவும் இருண்டு தெரியும். கறுப்புப் பின்னணியில் உள்ள சிவப்பு எழுத்து போட்டோ கொப்பியில் வாசிக்கக்கூடியதாக இருக்கலாம். அவர்களுக்கோ கறுப்போடு கறுப்பாகக் கலந்துவிடும். கறுப்பு எழுத்துக்களுக்கு நடுவே சிவப்புப் பேனையால் திருத்திய ஓர் எழுத்தும் இப்படியே அவர்கள் கண்ணுக்குத் தப்பிவிடலாம். ஆகவே சிவப்பால் திருத்தும் ஆசிரியர்கள் அதற்குக் கீழே ஒரு கோடோ சுற்றி ஒரு வட்டமோ போட்டால் போதும். வைட்போட்டில் எழுதும்போது, "சிவப்பில் உள்ளது முக்கியம்" என்று சொல்லாமல் ஒரு பெட்டிக்குள் எழுதலாம்.

ஆய்வுகூடத்தில் எல்லாவற்றையும் இப்படி மாற்ற முடியாது. மெதைல் ஒரேஞ்சு காட்டியின் நிறம் மாறும் கணத்திலேயே நியமிப்பு முடிகிறது. சுவாலைச் சோதனையில் சுவாலையின் நிறமே விடை. அங்கே பீஎச் மானியைப் பயன்படுத்தலாம், அல்லது இருவர் இருவராகச் செய்து ஒருவர் நிறத்தைச் சொல்ல மற்றவர் அளவியை வாசிக்கலாம். அப்படிச் செய்வது அறிவைக் குறைப்பதில்லை.

இத்தனையும் ஆண் பிள்ளைகளின் பிரச்சினை, பெண்கள் கல்லூரியின் சஞ்சிகையில் இதற்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கலாம். எங்கள் வகுப்பில் இக்குறை உள்ள ஒருவர் இல்லாமலே இருக்கலாம். ஆனால் எங்களில் பலர் ஆசிரியைகளாகப் போகிறோம். பலர் அலுவலகங்களில் அட்டவணை தயாரிக்கப் போகிறோம். பலர் ஆண் பிள்ளைகளுக்குத் தாயாகப் போகிறோம். பார்க்க முடியாதவர்களாக அல்ல, அந்தத் தாளைத் தயாரிப்பவர்களாகவே நாங்கள் இந்த விடயத்துக்குள் வருகிறோம். தம்பியின் கூம்புக் கலத்தைத் திருத்த இன்று எந்த மருந்தும் இல்லை. நிறக்கண்ணாடி சில நிறங்களின் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டுமே தவிர இல்லாத பார்வையைத் தராது. ஒரு வரைபின் கோட்டுக்குப் பக்கத்தில் அதன் பெயரை எழுதுவதற்கோ ஒரு பென்சில் போதும்.